கரட்டுக்கு முன்னால் உப்பு

என்னிடம் இரண்டு குரல்கள் இருக்கின்றன என்பதை என் மகள் மூன்று வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒன்று வீட்டுக் குரல். அது கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அவசரம், பாதி நேரம் ஏச்சு. மற்றது ரேடியோக் குரல். பாணி மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு, "இது கசக்காது செல்லம், ஆவெண்டு காட்டுங்கோ" என்று நான் குழைந்தால், "ரேடியோக் குரல்!" என்று கத்திவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்த மருந்து கசக்கத்தான் செய்யும். ஒரு நாளும் அவள் பிழைவிட்டதில்லை.

கிழமை நாட்களில் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடிக்கிறவள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அங்கே ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில், முட்டைத் தட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்த ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பது அங்கேதான். சவர்க்காரத்துக்கு மாமியாராகவும், தலைவலி மாத்திரைக்கு மனைவியாகவும், ஒருமுறை நுளம்புச் சுருளுக்கு நுளம்பாகவும் இருந்திருக்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த வேடம் அம்மா வேடம்தான். கரட் படம் போட்ட, வளையம் வளையமான, ஒரு நொறுக்குத்தீனிப் பக்கெட்டுக்கு மூன்று வருடமாக நான்தான் அம்மா.

"அம்மா, பசிக்குது!" என்று ஒரு சின்னப் பையன் கேட்பான். அந்தப் பையனுக்குக் குரல் கொடுப்பது, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் ஒலிப்பதிவாளரின் கலியாணமான மருமகள். "இந்தா கண்ணா! கரட்டின் சத்து நிறைந்தது, சீனிக்குப் பச்சைப் புள்ளி பெற்றது. அம்மாவுக்குத் தெரியும், எது நல்லதென்று!" என்று நான் சொல்வேன். பிறகு ஒரு 'கறுக்'. அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை வெள்ளவத்தையில் பாடசாலை வான் காத்து நிற்கிற பிள்ளைகள் எல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லும்.

என் மகளுக்கு அதில் பெருமை. ஆறாம் ஆண்டில் சேர்ந்த முதல் கிழமையே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டாள். அந்தப் பெருமைதான் ஏழாம் ஆண்டில் அவளைத் திருப்பிக் கடித்தது.

பாடசாலையில் சுகாதார வாரம். காலைக் கூட்டத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பு நடத்த வேண்டும். அவளுடைய வகுப்புக்கு வந்த தலைப்பு, நொறுக்குத்தீனி வாங்கும்போது விளம்பரத்தை நம்பாமல் லேபலை வாசிப்பது. பேச்சுக்கு அவளைத்தான் சுகாதாரப் பாட ஆசிரியை தெரிவு செய்தார், எடுப்பான குரல் என்று. வகுப்பில் கொல்லென்று சிரிப்பு எழுந்திருக்கிறது. "உன்ட அம்மாதானே வாங்கச் சொன்னவ!" என்று பின்வரிசை வாங்கில் இருந்து ஒருத்தி. அதற்குப் பிறகு நாள் முழுக்க, இவள் எதைச் சொன்னாலும், "அம்மாவுக்குத் தெரியும்!" என்று ஒரு கூட்டம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். "நான் பேசமாட்டன். மிஸ்ஸிட்ட நீங்களே சொல்லுங்கோ."

எனக்கு முதலில் வந்தது கோபம். மகள்மேல் இல்லை, அந்த ஆசிரியைமேல். ஊரில் வேறு தலைப்பு இல்லையா? பல் தீட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் எங்கே போயிற்று? "நான் சொன்னதில ஒரு சொல்லாவது பொய்யா? கரட் இருக்கு. சீனிக்குப் பச்சைப் புள்ளி இருக்கு. கொம்பனிக்காரர் பொய் எழுதித் தர ஏலாது, தெரியுமோ?" என்று பெரிய நியாயவாதிபோலக் கதைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இது ரேடியோக் குரல்."

சுருக்கென்றது. சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது, அந்தப் பக்கெட்டின் பின்பக்கத்தை மூன்று வருடத்தில் நான் ஒருநாளும் வாசித்ததில்லை. ஒலிப்பதிவுக்கு வருவது ஒரு தாளில் நாலு வரி. சாமான் வருவதுகூட இல்லை. முதல் நாள் மட்டும் இரண்டு பக்கெட் கொடுத்தனுப்பியிருந்தார்கள், அந்த 'கறுக்' சத்தத்துக்காக.

சரி, பொய்யில்லை என்பதை நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று, குசினித் தட்டில் இருந்த பக்கெட்டை எடுத்து வந்தேன். பின்பக்கம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எள்ளுமணி அளவில். என் கண்ணாடியைப் போட்டும் பிடிபடவில்லை. மகள் தொலைபேசியால் படமெடுத்து, விரலால் விரித்துப் பெருப்பித்தாள்.

"அம்மா, சேர்மானம் எல்லாம் நிறையில கூடினதுதான் முதல்ல எழுதோணும். பிறகு குறையக் குறைய. மிஸ் சொல்லித் தந்தவ."

"சரி, வாசி."

"சோள மா. பாம் எண்ணெய். அரிசி மா. உப்பு." நிறுத்தினாள். "கரட் தூள்."

"பாத்தியோ, கரட் இருக்கு!"

"உப்புக்குப் பிறகு இருக்கு அம்மா. அப்ப இதுக்குள்ள கரட்டை விட உப்புத்தான் கூட."

நான் மறுபடி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். துடைத்தால் வரிசை மாறுமா? முன்பக்கத்தில் ஒரு கட்டுக் கரட், இலையோடு, பனித்துளியோடு, இப்போதுதான் பிடுங்கிச் சந்தையில் வைத்ததுபோல. பின்பக்கத்தில் உப்புக்குப் பின்னால் ஒரு சிட்டிகை.

அடுத்தது என் பச்சைப் புள்ளி. இதில்தான் மானம் போனது. வெள்ளவத்தையில் சைவக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் மிக்ஸர், பிஸ்கட் பக்கெட்டுகளில் ஒரு சின்னப் பச்சைப் பெட்டிக்குள் பச்சைப் புள்ளி இருக்கும். அதைக் கண்டால் சைவம், வெள்ளிக்கிழமைக்கும் வாங்கலாம். தாளில் இருந்த 'சீனிக்கு' என்ற சொல்லை யோசிக்காமலே, இந்தப் பச்சையைத்தான் அந்தப் பச்சை என்று நினைத்து, மூன்று வருடமாக நான் பக்திப் பரவசத்தோடு சொல்லி வந்திருக்கிறேன். எதிர் பிளட்டில் இருக்கும் அக்கா ஒருவர் என் விளம்பரத்தைக் கேட்டு, சைவமென்று நம்பித்தான் கந்தசஷ்டி விரதம் முடிந்த கையோடு இதை வாங்கிப் பேரனுக்குக் கொடுத்தவர்.

மகள் குசினியிலிருந்து ஓர் இந்திய மிக்ஸர் பக்கெட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். எங்கள் ஊர்ப் பக்கெட்டில் ஒரு புள்ளி இல்லை, மூன்று வட்டங்கள். சீனி, உப்பு, கொழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கூட என்றால் சிவப்பு, நடுத்தரம் என்றால் செம்மஞ்சள், குறைவு என்றால் பச்சை. எங்கள் கரட் பக்கெட்டில் சீனிக்குப் பச்சை. உண்மைதான். உப்புக்குச் சிவப்பு. கொழுப்புக்குச் சிவப்பு. அந்த இரண்டையும் சொல்லும்படி எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

அப்போதும் எனக்கு நம்பிக்கை விடவில்லை. இந்தியப் பச்சைப் புள்ளியாவது உடம்புக்கு நல்லது என்று சொல்லாதா என்று கேட்க, கீழே காலி வீதி என்கிற பெருந்தெருவில் இருக்கும் கடைக்கு மிக்ஸர் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு மகளோடு போனேன். கடை முதலாளியின் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து இரண்டு தலைமுறை. அவர் பக்கெட்டைப் பார்த்துச் சிரித்தார். "அது சைவ அடையாளம்மா. மச்சம் இல்லேன்னு மட்டுந்தான் சொல்லும். ஒடம்புக்கு நல்லது கெட்டதுன்னு அது எங்க சொல்லிச்சு? எண்ணெயும் சைவந்தானே!"

திரும்பிப் படியேறி வந்தோம். நான்தான் கேட்டேன், "இப்ப என்ன செய்யிறது?"

"நான் பேசுறன். ஆனா நீங்களும் வரோணும்."

இதுதான் நான் எதிர்பாராதது. அவளுடைய திட்டம் நேரானது. வகுப்பில் எல்லாரும் அந்தக் குரலை வைத்துத்தான் பகிடி பண்ணுகிறார்கள். அந்தக் குரலே மேடைக்கு வந்து, முதலில் விளம்பரத்தைச் சொல்லிவிட்டு, பிறகு லேபலை வாசித்தால் பகிடி முடிந்துவிடும். "இல்லாட்டி நான் என்ன சொன்னாலும் சிரிப்பினம் அம்மா. உங்களை ஒளிச்சு வச்சுக்கொண்டு பேசேலாது." கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு நெஞ்சுரம் போதவில்லை. அலுவலகத்தில் அரைநாள் லீவு எழுதினேன்.

ஆசிரியைக்குப் பெரிய சந்தோஷம். நான் மனதுக்குள் வைத்த ஏச்செல்லாம் வீணாய்ப் போயிற்று, அவ்வளவு நல்ல பிள்ளை அவர். அதிபர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். எந்த நிறுவனத்தின் பெயரும் மேடையில் வரக்கூடாது. ஆகவே கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரை வெட்டிப் பக்கெட்டின் பெயரை மறைத்தோம். சேர்மான வரிசையை ஒரு பெரிய பிறிஸ்டல் போட் அட்டையில் மகள் மாக்கரால் எழுதினாள். 'உப்பு' கறுப்பில், 'கரட் தூள்' செம்மஞ்சளில்.

புதன்கிழமை காலை. தேவாரம், பாடசாலைக் கீதம், அறிவித்தல் எல்லாம் முடிந்தது. எழுநூறு பிள்ளைகள் மண்டபத்தில். நான் திரைக்குப் பின்னால், கையில் மைக், கைப்பையில் ஒரு முறுக்கு. என் வாழ்க்கையில் எத்தனையோ ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். ஆனால் அங்கே முட்டைத் தட்டுகள்தான் என்னைப் பார்க்கும். எழுநூறு பிள்ளைகள் பார்ப்பது வேறு.

மகள் தொடங்கினாள். "மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, என் சக மாணவிகளே. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இன்று வந்திருக்கிறார். முகத்தைத் தெரியாது. கண்ணை மூடிக் கேளுங்கள்."

நான் மூச்சை இழுத்து, ரேடியோக் குரலை எடுத்தேன். "இந்தா கண்ணா! கரட்டின் சத்து நிறைந்தது, சீனிக்குப் பச்சைப் புள்ளி பெற்றது..."

முடிக்க விடவில்லை. எழுநூறு வாயும் சேர்ந்து, "அம்மாவுக்குத் தெரியும், எது நல்லதென்று!" என்று மண்டப ஓடு கிளம்பும்படி கத்தின. பெயரைப் பேப்பரால் மூடி என்ன பயன்? அதிபர் நெற்றியில் கைவைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

நான் திரையை விலக்கி வெளியே வந்து, கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து மைக்குக்குக் கிட்டப் பிடித்துக் கடித்தேன். கறுக். மண்டபம் ஆவென்றது. விளம்பரத்தில் வருகிற அதே சத்தம்.

"பிள்ளைகள், அந்தச் சத்தம் இதுதான்" என்றேன். "பக்கெட்டில இருந்ததை மைக்குக்கு முன்னால கடிச்சுப் பாத்தம். 'புசுக்' எண்டுச்சு, நனைஞ்ச கடதாசி மாதிரி. சவுண்ட் பாக்கிற நானா தலையில கைவச்சார். என்ட பையில வெள்ளவத்தை முறுக்கு இருந்தது. அஞ்சு கடிச்சன். மூண்டாவது நல்லா இருந்துச்சு. நீங்கள் மூண்டு வருஷமாக் கேக்கிறது என்ட பல்லும் முறுக்கும்."

கைதட்டல் ஓய ஒரு நிமிடம் எடுத்தது. பின்வரிசையில் இருந்து பகிடி பண்ணியவள் எழும்பி நின்று தட்டினாள். மகளின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை இன்னும் மறக்கவில்லை. கைதட்டல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் மேடைக்குப் பிறந்தவள் என்றே நினைத்துக்கொண்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

மகள் பிறிஸ்டல் போட்டை நிமிர்த்திப் பிடித்தாள். நான் வாசிக்க வேண்டும். ஏறிய சூட்டில், அதே ரேடியோக் குரலில், அதே குழைவோடு ஆரம்பித்தேன். "சோள மா... பாம் எண்ணெய்... அரிசி மா... உப்பு... கரட் தூள்!" தேனில் தோய்த்ததுபோல விழுந்தது ஒவ்வொரு சொல்லும். "உப்புக்குச் சிவப்பு... கொழுப்புக்கும் சிவப்பு!" என்று சொன்னபோது இரண்டு பரிசு கிடைத்ததுபோல இருந்தது. முன்வரிசையில் இருந்த முதலாம் ஆண்டுச் சின்னன் ஒன்று கையைத் தூக்கி, "எனக்கு வேணும்!" என்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் அந்த லேபலையும் விற்றுவிட்டேன்.

மகளைப் பார்த்தேன். போட்டைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகப் பாடமாக்கிய பேச்சு. இன்னும் ஒரு நிமிடத்தில், எல்லாரும் நல்லாய்ச் சிரித்தோம், இடைவேளைக்கு அதையே வாங்கிச் சாப்பிட்டோம் என்று முடிந்துவிடும். இனி அவளை யாரும் பகிடி பண்ணப்போவதில்லை. ஆனால் அவள் சொல்ல வந்ததையும் யாரும் கேட்கப்போவதில்லை. எழுதித் தராமல் பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

அவள் கிட்ட வந்து, மைக்குக்குள்ளேயே சொன்னாள். "அம்மா. வீட்டுக் குரல்."

இரண்டே சொல். எனக்கு அழுகை வரப் பார்த்தது, ஆனால் வந்தது ஏச்சுக் குரல்தான். அவள் கொப்பியில் சிவப்புப் பேனாப் பிழைக்குறி கண்டால் வருமே, அந்தக் குரல்.

"இஞ்ச பாருங்கோ எல்லாரும். முன்பக்கத்தை விடுங்கோ. பக்கெட்டைத் திருப்புங்கோ. கூட இருக்கிறது முதல்ல எழுதியிருக்கும். முதலாவது சோள மா. ரெண்டாவது எண்ணெய். கரட் எங்க? உப்புக்குப் பிறகு. கரட்டைவிட உப்புக் கூடின சாமானுக்குக் கரட் படம் எதுக்கு? நான் பச்சைப் புள்ளி எண்டு சொன்னது உண்மை. ஆனா மிச்ச ரெண்டு சிவப்பையும் நான் சொல்லேல்லை. எனக்கே தெரியாது. மூண்டு வருஷமா வாசிக்காமச் சொன்னனான். அம்மாவுக்குத் தெரியும் எண்டது பொய். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று போனது. அந்த அமைதிக்குள் மகள் போட்டை மறுபடி உயர்த்திப் பிடித்து, தன் பேச்சைத் தொடர்ந்தாள். பக்கெட்டில் உப்புக்கும் கொழுப்புக்கும் போட்டிருக்கும் சின்ன இலக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஒருமுறை பரிமாறும் அளவுக்கு, இந்தப் பக்கெட்டில் இரண்டு அளவு இருக்கிறது என்று விளக்கினாள். "யாராவது பாதிப் பக்கெட்டோடு நிறுத்துவீர்களா?" என்று கேட்க, "இல்லை!" என்றார்கள். "அப்படியென்றால் இரண்டால் பெருக்குங்கள். இரண்டு பக்கெட்டை ஒப்பிடுவதென்றால் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள்." சைவப் புள்ளிக்கும் சீனிப் புள்ளிக்கும் வித்தியாசத்தையும் சொன்னாள். அதில் என் பெயரை இழுக்கவில்லை, புண்ணியவதி. ஆசிரியர்கள் வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்ததை நான் கண்டேன்.

இடைவேளைக்குக் கன்ரீன் அக்கா ஆசிரியையிடம் முறைப்பாடு. "டீச்சர், எல்லாத்தையும் திருப்பித் திருப்பி வாசிக்குதுகள். வாசிச்சு முடிய மணி அடிச்சிட்டுது!" உலகம் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வெள்ளிக்கிழமை என் மகளே அந்தப் பக்கெட்டில் ஒன்றைத் தோழியோடு பங்குபோட்டாள். கேட்டதற்கு, "வாசிச்சிட்டுத்தான் சாப்பிட்டனான். பாதிதான்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன கேட்க?

யாரோ அந்தக் கூட்டத்தைத் தொலைபேசியில் பிடித்திருக்கிறார்கள். அது கை மாறி மாறிக் கொட்டாஞ்சேனைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒலிப்பதிவாளர் நானா அழைத்தார். "தங்கச்சி, அவங்க புது அம்மா ஒராளத் தேடுறாங்க. கோவிக்காதீங்க." பிறகு வெடித்துச் சிரித்தார். "ஆனா அந்த முறுக்கக் கடிச்சீங்களே, என்ட பொஞ்சாதி பத்துத் தரம் போட்டுப் பாத்திட்டா." எனக்கு வருத்தம் இல்லை என்றால் அது ரேடியோக் குரல். இருந்தது. மூன்று வருடம் அம்மாவாக இருந்தவளுக்கு இருக்காதா? ஆனால் சவர்க்கார மாமியார் வேலை இன்னும் கையில் இருக்கிறது. அந்தக் கட்டியின் பின்பக்கத்தையும் இப்போது வாசித்துவிட்டுத்தான் போகிறேன்.

போன மாதம் மகளோடு கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ரேடியோவில் புது விளம்பரம். "இந்தா கண்ணா!" என்று ஒரு இளம் குரல். நல்ல குரல், என்னுடையதைவிட இனிமை. பொறாமையாகத்தான் இருந்தது. கடைசியில், 'கறுக்'.

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தோம். குரலை மாற்றியவர்கள் அந்தச் சத்தத்தை மாற்றவில்லை.

"அண்ணா!" என்று மகள் முன்னால் குனிந்தாள். "இப்ப கேட்டது அந்தச் சிப்ஸ் இல்லை. அது முறுக்கு. கடிச்சது என்ட அம்மா."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்பிடியா அக்கா? அப்ப அந்த முறுக்கு நல்லதா? எங்கட வீட்டிலயும் ரெண்டு சின்னதுகள் இருக்கு."

பழைய ஆளாக இருந்தால் அந்த முறுக்கை அங்கேயே விற்றிருப்பேன். "ருசி எண்டால் ருசிதான்" என்றேன். "ஆனா எண்ணெயில பொரிக்கிறது தம்பி, உப்பும் இருக்கு. அதுக்கு லேபலும் இல்லை. ஆளுக்கு ஒண்டோட நிப்பாட்டுங்கோ."

அவர் தலையாட்டினார், நம்பினாரோ என்னவோ. மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு அவருக்குச் சொன்னாள்.

"இதை நம்பலாம் அண்ணா. இது வீட்டுக் குரல்."